படலையில் தொடங்கும் மரியாதை: வன்னியின் முகமன்களும் பணிவுக் கோட்பாடும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பேச்சில் பணிவு எப்படி இயங்குகிறது என்று ஆராய்பவர் எந்த நாட்டவராக இருந்தாலும் ஒரு நூலைக் கடந்தே போகவேண்டியிருக்கிறது. பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இருவர் 1978இல் நீண்ட கட்டுரையாக வெளியிட்டு, 1987இல் தனி நூலாக்கிய ஆய்வு அது. அதன் தரவுகள் முதன்மையாக மூன்று மொழிகளிலிருந்து வந்தவை. ஒன்று ஆங்கிலம். இன்னொன்று மெக்சிகோவின் சியாபாஸ் மலைநாட்டில் மாயர்கள் பேசும் செல்தால். மூன்றாவது, கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். உலகமெங்கும் வகுப்பறைகளில் பேசப்படும் இந்தக் கோட்பாட்டின் தூண்களில் ஒன்று தமிழ் ஊர் ஒன்றில் நிற்கிறது. அதே கோட்பாட்டை வேறொரு தமிழ் நிலத்துக்கு, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என விரியும் வன்னிப் பெருநிலப்பரப்புக்குக் கொண்டுவந்து பார்ப்பதே இந்த உரையின் வேலை.

முகம் என்னும் கருத்து

பிரவுனும் லெவின்சனும் தங்கள் அடிப்படைக் கருத்தை எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளரிடமிருந்து பெற்றார்கள். 1955இல் வந்த கட்டுரையில் கோஃப்மன், மனிதர் ஒருவர் பிறர் முன்னிலையில் தனக்கென்று கோரி நிற்கும் மதிப்பை ‘முகம்’ என்று அழைத்தார். அதற்கும் முன்னர், 1944இல், ஹூ சியென் சின் என்ற மானிடவியலாளர் சீனரிடையே முகம் பற்றிய எண்ணங்களை விரிவாக எழுதியிருந்தார். கோஃப்மனின் பார்வையில் முக்கியமானது ஒன்று உண்டு. முகம் ஒருவர் தனியாக வைத்திருக்கும் உடைமை அல்ல. மற்றவர் ஒத்துழைத்தால்தான் அது நிற்கும். எதிரில் இருப்பவரை அவமதிப்பவர் அதே கணத்தில் தன் மதிப்பையும் இழக்கிறார். ஆகவே சந்திப்பில் இருவரும் இரண்டு முகங்களையும் சேர்த்தே காக்கவேண்டியிருக்கிறது.

பிரவுனும் லெவின்சனும் இதை இரண்டு விருப்பங்களாகப் பிரித்தார்கள். மற்றவர் தன்னை மதிக்கவேண்டும், தன்னைச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பது ஒரு விருப்பம். தன் நேரத்திலும் உடைமையிலும் முடிவிலும் எவரும் அத்துமீறக் கூடாது என்பது மற்றது. உறவுமுறை சொல்லி அழைப்பது, நலம் விசாரிப்பது, தேத்தண்ணி தருவது ஆகியவை முதல் விருப்பத்துக்குத் தீனி போடுபவை. இதை நெருக்கப் பணிவு எனலாம். தயங்கிக் கேட்பது, ‘ஏலுமெண்டால்’ என்று வழிவிடுவது, பன்மையில் பேசுவது ஆகியவை இரண்டாவதைக் காப்பவை. இது விலகல் பணிவு.

உதவி கேட்பது, குறை சொல்வது, மறுப்பது போன்ற செயல்கள் இயல்பிலேயே முகத்தைச் சீண்டுகின்றன. அந்தச் சீண்டலின் பாரத்தை மூன்று காரணிகள் தீர்மானிக்கின்றன: இருவருக்கும் இடையிலுள்ள தூரம், ஒருவர் மீது மற்றவருக்கு உள்ள அதிகாரம், கேட்கப்படும் காரியம் அந்தச் சமூகத்தில் எவ்வளவு பெரிதாகக் கருதப்படுகிறது என்பது. மூன்றையும் கூட்டினால் வருவதே பாரம். பாரம் ஏற ஏறப் பேச்சு நேரடித்தன்மையை விட்டு நெருக்கப் பணிவுக்கும், அங்கிருந்து விலகல் பணிவுக்கும், பின்பு வெறும் குறிப்புக்கும் நகரும். மிக அதிகமானால் வாயே திறக்காமல் விட்டுவிடுவார்கள். இவற்றை எண்களால் அளக்கும் அளவுகோல் எதையும் அந்த நூல் தரவில்லை. எது எதைவிடப் பாரமானது என்ற வரிசையை விளக்கும் கருவியாகவே அது பயன்படுகிறது.

படலைக்கு வெளியே நிற்பவர்

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் ஊர் ஒன்றை எண்ணிக்கொள்வோம். சிறுபோகம் நடக்கிறது. கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் சரியாக எட்டவில்லை. முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவருடைய நீரிறைக்கும் மிசின் பழுதாகிவிட்டது. அடுத்த ஒழுங்கையில் அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் நல்ல மிசின் இருக்கிறது. கேட்கவேண்டும்.

இதே ஆள் தீப்பெட்டி கேட்பதாக இருந்தால் வேலியோரத்தில் நின்று, “அக்கா, ஒருக்கா நெருப்புப்பெட்டி தாங்கோ” என்று முடித்திருப்பார். அந்த ‘ஒருக்கா’ காரியத்தைச் சிறிதாக்கிக் காட்டப் போதும். முற்றத்தில் பாம்பைக் கண்டிருந்தால், “ஓடியாங்கோ, பாம்பு!” என்பதோடு சரி. அவசரத்தில் பணிவுக்கு இடமில்லை, அதை எவரும் குறையாக எடுப்பதுமில்லை. ஆனால் மிசின் அப்படியல்ல. இரண்டு நாள் போனால் உரியவரின் பயிர் காத்திருக்கவேண்டும், பழுதானால் செலவு வரும். தூரம் குறைவு, வயதால் சற்று அதிகார வேறுபாடு, காரியமோ பெரிது. ஆகவே பேச்சு இப்படிப் போகும்.

“அண்ணை, அண்ணை நிக்கிறியளோ?”

“ஆரது? ஓ, தம்பியே! வாரும், வாரும். உள்ளுக்கு வந்து இருமன்.”

“சும்மாதான் வந்தனான்.”

“என்ன, கனநாளாக் காணேல்லை? பிள்ளையள் எப்பிடி?”

“சுகமாய் இருக்கினம் அண்ணை. வயலுக்கையே நிண்டுபோட்டன்.”

“தேத்தண்ணி போடச் சொல்லட்டே?”

“வேண்டாம் அண்ணை, இப்பத்தான் குடிச்சிட்டு வாறன்.”

“அதுக்கென்ன, ஒரு வாய் குடியும்.”

தேத்தண்ணி வருகிறது. மழை, உரவிலை, குளத்து நீர்மட்டம் எல்லாம் பேசப்படுகின்றன. அதற்குப் பிறகுதான்:

“எங்கடை பக்கம் தண்ணி வாறது குறைவு. மிசினும் இந்த நேரம் பார்த்துப் பழுதாய்ப் போச்சுது.”

இந்த உரையாடலில் மிசினைத் தரும்படி எவரும் கேட்கவில்லை. பெரியவர் விரும்பினால், “அப்ப என்ரை மிசினைக் கொண்டு போமன்” என்பார். அது அவர் தானாகச் செய்த உதவியாகிவிடும். விரும்பாவிட்டால், “எங்களுக்கும் நாளைக்கு இறைக்க வேணும், இந்த முறை எல்லாருக்கும் கஷ்டம்தான்” என்று வானிலையோடு சேர்த்துச் சொல்லிவிடுவார். கேள்வியே எழாததால் மறுப்பும் எழவில்லை. வந்தவர் வெறுங்கையோடு போனாலும் அவமானப்பட்டுப் போகவில்லை. மறுநாள் இருவரும் வாய்க்கால் வரம்பில் சந்தித்தால் பழையபடி சிரிக்கலாம்.

கோட்பாடு, மிசின் பழுதானதைச் சொல்லும் அந்தக் கடைசி வாக்கியத்தைக் குறிப்பால் கேட்டல் என்று சரியாக வகைப்படுத்தும். அதன் முன் நடந்தவற்றின் வேலையை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். பெரியவர் விறாந்தையில் கண்ணுக்குத் தெரிய அமர்ந்திருந்தாலும் “நிக்கிறியளோ?” என்றுதான் கேட்கப்படுகிறது. இல்லாதவர்போல இருந்துவிடும் உரிமையை அந்தக் கேள்வி அவரிடம் விட்டுவைக்கிறது. ‘அண்ணை’ உறவைக் கோருகிறது, ‘தம்பி’ அந்தக் கோரிக்கையை ஏற்கிறது. “இருமன்” என்பதன் இறுதியில் ஒட்டிய அந்த ஓசை, கட்டளையை வற்புறுத்தும் அன்பாக மாற்றுகிறது. “சும்மாதான் வந்தனான்” என்பதைப் பொய் என்று இருவரும் அறிவார்கள். ஆனாலும் அது சொல்லப்பட்டாக வேண்டும். மனிதருக்காக வந்தேன், மிசினுக்காக அல்ல என்ற மதிப்பை அது பெரியவருக்குத் தருகிறது. தேத்தண்ணிக்கு முதல் மறுப்பு வீட்டாரின் சிரமத்தை மதிப்பது. இரண்டாம் முறை ஏற்பது வீட்டாரின் விருந்தோம்பலை மதிப்பது. இரண்டாம் முறையும் மறுத்து எழுந்தால் அந்த மாலை கெட்டுவிடும்.

குறிப்பு எட்டாமல் போவதும் உண்டு. அதைக் கண்டுகொள்ள வழி இருக்கிறது. “மிசின் பழுது” என்றதும் என்ன பழுது, யாரிடம் காட்டினீர் என்று பெரியவர் தொடர்ந்து கேட்டால் கதவு திறந்திருக்கிறது. “ஓமோம்” என்று விரைவாக ஒத்துக்கொண்டு பேச்சை வேறு பக்கம் திருப்பினால் பதில் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் வெளிப்படையாகக் கேட்பவர் இரண்டு முகங்களையும் ஒரே நேரத்தில் ஆபத்தில் தள்ளுகிறார்.

வீதியில் நடக்கும் சிறு சந்திப்புக்கும் இதே ஒழுங்கு உண்டு. பயணம் புறப்பட்டவரை “எங்கை போறியள்?” என்று கேட்பது ஆகாது என்பது வடபகுதி வழக்கம். சகுனப் பிழை என்பார்கள். “தூரத்துக்கோ?” என்று கேட்டால் பிழையில்லை. “ஓம், உதிலைதான்” என்பது முழுமையான பதில். போகும் இடம் சொல்லப்படவுமில்லை, கேட்டவர் புறக்கணிக்கப்படவுமில்லை. போலந்தில் பிறந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, செய்தி தருவதற்காக அன்றி மனிதரைப் பிணைப்பதற்காகவே நடக்கும் பேச்சைப் பற்றி 1923இல் எழுதினார். “தூரத்துக்கோ?” அதற்குப் பொருத்தமான சான்று. அதோடு இன்னொன்றையும் அது செய்கிறது: உறவைக் காட்டும் அக்கறையையும் அந்தரங்கத்தில் தலையிடாத ஒதுக்கத்தையும் ஒரே சொல்லில் இணைக்கிறது.

வாரும், வாங்கோ, வாங்க

மேலே பெரியவர் “வாரும்” என்றதைக் கவனித்திருப்பீர்கள். இலங்கையின் வடபகுதித் தமிழில் முன்னிலைக்கு மூன்று படிகள் உண்டு. வா, வாரும், வாங்கோ. நீ, நீர், நீங்கள். நடுப்படியான ‘நீர்’, வயதில் இளையவரையும் சமமானவரையும் உரிமையோடு, ஆனால் தாழ்த்தாமல் அழைக்க உதவுகிறது. பல கணவர்மார் மனைவியரை அழைப்பதும், ஆசிரியர்கள் வளர்ந்த மாணவரை அழைப்பதும் இந்தப் படியிலேயே.

வன்னியில் இந்தப் படிகள் சிக்கலாகின்றன. காரணம் குடியேற்ற வரலாறு. பழைய வன்னி ஊரவர்களோடு, 1930களிலிருந்து கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் சேர்ந்தார்கள். 1958, 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பி மலையகத் தமிழர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறினார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் தொடங்கிய பெரும் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தார் இலட்சக்கணக்கில் ஊரை விட்டகன்றபோது, அவர்களில் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்தார்கள். மலையகத்திலிருந்து வந்தவரின் பேச்சில் “வாங்க”, “நீங்க” உண்டு. ‘நீர்’ என்ற நடுப்படி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அன்போடு சொல்லும் “வாரும்” அவர் காதில் ‘நீங்க’வுக்கு ஒருபடி கீழே விழுகிறது. சொன்னவர் நெருக்கம் காட்டினார், கேட்டவர் தாழ்வு உணர்ந்தார். இருவரில் எவரிடமும் தீய எண்ணம் இல்லை. மூன்று படி உள்ள பேச்சும் இரண்டு படி உள்ள பேச்சும் ஒரே ஒழுங்கையில் வாழ்வதால் வரும் காயம் அது.

வேண்டுமென்றே செய்யப்படும் காயமும் உண்டு. பேராசிரியர் சுசீந்திரராசா 1978இல் யாழ்ப்பாணச் சமூகத்தில் சாதியும் மொழியும் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில், அழைக்கும் சொற்கள் சாதியைப் பொறுத்து எப்படி மாறின என்பதைப் பதிவுசெய்தார். லெவின்சனும் மேற்குத் தமிழ்நாட்டில் சாதிப் படிநிலையும் பேச்சு வழக்கமும் பற்றி 1982இல் தனிக் கட்டுரை வெளியிட்டார். இரண்டு நிலங்களிலும் தெரிவது ஒன்றே. வயதில் மூத்தவரை இளையவர் ‘நீ’ என்று அழைத்து, பதிலுக்கு மரியாதைப் பன்மையைப் பெற்றுக்கொள்வது ஒடுக்குமுறையின் அன்றாட வடிவமாக இருந்தது. அங்கே முகமன் ஒருவர் முகத்தை மட்டுமே காத்தது. தேத்தண்ணியும் அப்படியே ஆனது: சிலருக்குத் தனிக் குவளை, சிலர் வீட்டில் வாய்நனைக்காமல் எழுந்து போவது. “நீங்கள் எவடம்?” என்ற சாதாரண விசாரிப்புக்குள்ளும் ஊரைக் கொண்டு சாதியை அறியும் நோக்கம் ஒளிந்திருக்கலாம். கேட்கப்பட்டவர் பெரிய ஊரின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது அந்த நோக்கத்தை அறிந்த பதில்.

இங்கே கோட்பாட்டின் மீது ஜப்பானிய ஆய்வாளர்கள் வைத்த குறையை நினைக்கவேண்டும். மட்சுமோட்டோ 1988இலும், இடே 1989இலும், ஜப்பானிய மரியாதை வடிவங்கள் பேசுபவர் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்கும் உத்திகள் அல்ல, தன் இடத்தை அறிந்து கடைப்பிடிக்கும் ஒழுங்கு என்று வாதிட்டார்கள். தமிழ் வினைச்சொல்லுக்கும் இது பொருந்தும். வா, வாரும், வாங்கோ என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் ஒருவரை உள்ளே அழைக்க முடியாது. உதவி கேட்காதபோதும், முகத்தைச் சீண்டும் எதுவும் நடக்காதபோதும் படியைத் தேர்ந்தாக வேண்டும். அதனாலேயே சிலர் தடுமாறும்போது வினையைத் தவிர்த்து, “வரலாமே, இருக்கலாமே” என்று ஆளில்லாமல் பேசிச் சமாளிக்கிறார்கள்.

விடைபெறாமல் போகும் வீடு

வழமையான முகமன் நிறுத்திவைக்கப்படும் இடங்களைப் பார்த்தால் அது என்ன வேலை செய்தது என்பது தெளிவாகும். செத்தவீடு தவிர்ந்த மற்ற வீடுகளில் எவரும் “போறன்” என்று சொல்லிப் பிரிவதில்லை. “போட்டு வாறன்” என்பார்கள். “போட்டு வாங்கோ” என்பது பதில். செத்தவீட்டில் இரண்டுமே இல்லை. வந்தவரை “வாங்கோ” என்று வரவேற்பதில்லை, போகிறவர் சொல்லிக்கொண்டு போவதில்லை. திரும்பவும் இப்படி வரவேண்டாம் என்பதே மரபு தரும் காரணம். துயரத்தில் இருப்பவரை வீட்டுக்காரர் என்ற பாத்திரத்திலிருந்து விடுவிப்பது அதன் விளைவு. வரவேற்கவும் உபசரிக்கவும் முகம் மலரவும் அன்று அவருக்குக் கடமை இல்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரின் நிலை இதைவிடக் கடினமானது. இறப்பு உறுதியாகாததால் செத்தவீட்டு ஒழுங்கு அங்கே செல்லாது. “சுகமோ?”, “பிள்ளையள் எப்பிடி?” என்ற அன்றாட விசாரிப்போ நேராகக் காயத்தில் போய்க் குத்தும். மிசின் கேட்க வந்தவரைக் காத்த அதே வாக்கியம் இங்கே முகத்தைச் சீண்டும் செயலாகிவிடுகிறது. இன்ன வாக்கியம் பணிவானது என்று பட்டியல் போட முடியாததற்கு இதைவிடப் பாரமான சான்று தேவையில்லை. “அம்மா” என்று அழைத்து, அவர் இருக்கும் மட்டத்தில் அமர்ந்து, அவர் முதலில் பேசும்வரை பொறுத்திருப்பதே அங்கு எஞ்சும் முகமன்.

யார் முதலில் கேட்பது

இந்த உரையின் மையக் கருத்து இங்கே வருகிறது. பிரவுனும் லெவின்சனும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே எடுத்து அதன் பாரத்தை நிறுத்தார்கள். படலையில் நடப்பதோ வாக்கியத்துக்குள் அடங்குவதில்லை. வெளியில் நிற்பவர் முதலில் குரல் கொடுக்கிறார், உறவுமுறையால் தன்னை இனங்காட்டுகிறார். அடுத்த கேள்வி வீட்டுக்காரருடையது. “ஆரது?”, “கனநாளாக் காணேல்லை?”, “பிள்ளையள் எப்பிடி?” எல்லாம் அவர் கேட்பவை. வந்தவர் பதில் சொல்லி முடித்த பின்பே தன் காரியத்தை எடுக்கலாம். உதவி கேட்க வந்தவர் முதலில் கேட்கப்படுபவராகிறார். தரக்கூடியவர் முதலில் அக்கறை காட்டுபவராகிறார். இருவர் மதிப்பும் இந்த வரிசையில்தான் காக்கப்படுகிறது.

செனகல் நாட்டில் வொலோஃப் மக்களின் முகமனை ஆராய்ந்த ஜூடித் இர்வின் 1974இல் காட்டியதும் வரிசையின் வலிமையையே. அங்கே முதலில் முகமன் சொல்பவர் தாழ்ந்த இடத்தை எடுத்துக்கொள்கிறார். ஆகவே முந்துவதா, முந்தவிடுவதா என்பதே ஓர் உத்தி. வன்னியில் முதற்குரல் தாழ்வைக் குறிப்பதில்லை. எவ்வளவு பெரியவரானாலும் படலைக்கு வெளியே நின்றால் முதலில் கூப்பிடவேண்டியவர் அவரே.

இந்த வரிசையை உடைப்பது படிவம். 2009இல் போர் முடிந்தபோது மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் முகாம்களில் அடைபட்டார்கள். அவற்றில் பெரியதான செட்டிகுளம் மனிக் பாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும்வரை வலயம், கூடாரம், குடும்ப அட்டை என்று எண்களால் மனிதர் அறியப்பட்ட காலம் அது. மீள்குடியேறிய ஊர்களுக்கும் அரச அலுவலரும் உதவி நிறுவனத்தாரும் ஆய்வாளரும் படிவங்களோடு வந்தார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், இறந்தவர் யார், வருமானம் எவ்வளவு என்று கேள்விகள் வந்தவரிடமிருந்தே தொடங்கின. வீட்டுக்காரருக்குக் கேட்கும் முறை கிடைக்கவேயில்லை. சொற்கள் முழுக்க ‘நீங்கள்’ஆக இருந்தாலும், தன் முற்றத்திலேயே ஒருவர் விசாரிக்கப்படுபவரானார்.

ஆகவே களப்பணிக்குப் போகும் மாணவர்களும், வீடு வீடாகச் செல்லும் அலுவலர்களும் கடைப்பிடிக்கக்கூடிய மூன்று செயல்களை இந்த உரை முன்வைக்கிறது. படலைக்கு வெளியே நின்று குரல் கொடுத்து, அழைப்பு வரும்வரை உள்ளே கால்வைக்காதிருத்தல் முதலாவது. எந்த ஊர்ப் பேச்சுக்காரரானாலும் தொடக்கத்தில் ‘வாங்கோ’ படியிலேயே பேசி, ‘நீர்’ என்பதை அவர் எடுத்தாண்ட பின்பும் தான் எடுக்காதிருத்தல் இரண்டாவது. மூன்றாவது, படிவத்தின் முதற் கேள்விக்கு மேலே ஒரு வரியை வெறுமையாக விட்டுவைத்தல். வீட்டுக்காரர் வந்தவரிடம் என்ன கேட்டார் என்பதை அந்த வரியில் எழுதவேண்டும். “நீங்கள் எவடம் பிள்ளை?”, “ஆர் அனுப்பினது?”, “முந்தியும் வந்து எழுதினவை, அது என்ன ஆச்சுது?” என்று எதுவும் அங்கே வரலாம். அதற்கு உண்மையான பதிலைச் சொன்ன பிறகே பேனா முதற் கேள்விக்கு இறங்கவேண்டும். வரி வெறுமையாகவே இருந்தால், அன்றைய தரவை எழுதுமுன் இன்னும் சிறிது நேரம் அந்த விறாந்தையில் இருக்கவேண்டும்.